பேரணாம்பட்டு பக்கம் ஷூ அப்பர் தையல் யூனிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, பேரணாம்பட்டு அருகே சொந்தமாக அப்பர் தையல் யூனிட் போட்டவன் நான். குடியாத்தம், மேல்பட்டி, வாணியம்பாடி பக்கத்திலிருந்து பலர் வந்து கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, தோல் சம்பந்தமா சின்னதா ஒரு யூனிட் போடணும். எதுல இறங்கினா முதல் வருஷம் தாங்கும்?

அப்பர் தையலில் மட்டும் இறங்குங்கள். ஷூவின் மேல்பகுதிதான் அப்பர். கம்பெனி தோலை வெட்டி, லைனிங்கையும் வெட்டி, துண்டுகளாக உங்களிடம் அனுப்பும். நீங்கள் ஓரம் சீவி, மடித்து, ஒட்டி, தைத்து, ஜோடியாகத் திருப்பி அனுப்புவீர்கள். சோல் ஒட்டுவதும் ஃபினிஷிங்கும் அவர்கள் வேலை.

வெட்டும் வேலையையும் சேர்த்து எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வருடம் வேண்டாம் என்பேன். வெட்டும்போது தோல் உங்கள் கணக்கில் வந்துவிடுகிறது. ஒரு தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும். விரல்களை மூடும் முன்பகுதியான வாம்ப் நல்ல இடத்திலிருந்தும், நாக்கு மாதிரி மறைவான துண்டுகள் ஓரத்திலிருந்தும் வர வேண்டும். அதோடு வாம்பை, விரல் நுனியிலிருந்து குதிகால் பக்கம் போகும் திசையில் தோல் இழுபடாதபடி வைத்து வெட்ட வேண்டும். இதில் தேர்ந்த கட்டர் இல்லாமல் போனால் கம்பெனி கொடுத்த சதுர அடிக்குள் ஜோடி வராது. குறையும் தோலின் விலை உங்கள் பில்லில் கழியும். தையலில் தவறு செய்தால் கூலி போகும். வெட்டில் தவறு செய்தால் தோல் விலையும் சேர்ந்து போகும்.

லைசென்ஸ் எதெல்லாம் வேணும்? எதை முதல்ல எடுக்கணும்?

இடத்தின் வாடகை ஒப்பந்தம்தான் முதல் காகிதம். மற்ற எல்லாவற்றுக்கும் அந்த முகவரிதான் ஆதாரம். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் பாருங்கள். கட்டடத்தின் சொத்து வரி ரசீது உரிமையாளர் பெயரில் இருக்கிறதா, மூன்று ஃபேஸ் மின்சாரம் அந்தத் தெருவுக்கு வருகிறதா, அந்த இடத்தில் தொழில் நடத்த ஊராட்சியோ நகராட்சியோ உரிமம் கொடுக்குமா. மூன்றாவதை உரிமையாளர் வாயால் சொன்னால் போதாது, அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். வீட்டு அனுமதியில் கட்டிய மாடியில் மெஷினை இறக்கிவிட்டு, அப்புறம் உரிமத்துக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது உத்யம் பதிவு. udyamregistration.gov.in தளத்தில் ஆதார், பான் வைத்து இலவசமாக முடியும். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். இதை முதல் பில் போடும் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். காரணம் கீழே பணம் வராத கேள்வியில் இருக்கிறது.

ஜிஎஸ்டியில் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது பொருள் விற்பவருக்கு. நாம் அடுத்தவர் தோலில் வேலை செய்து கொடுக்கிறோம். சட்டத்தின் கணக்கில் அது சேவை. சேவைக்கு எல்லை 20 லட்சம். கீழே சொல்லப்போகும் அளவுக்கு ஓடும் யூனிட் ஆண்டுக்கு 30 லட்சத்தைத் தாண்டும். அதனால் ஆரம்பத்திலேயே பதிவு செய்துகொள்வது நல்லது. பெரிய கம்பெனிகள் ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு வேலை கொடுக்கத் தயங்குவதும் உண்டு.

மின் இணைப்பில், மொத்த பளு 12 கிலோவாட்டுக்குள் அடங்குகிறதா என்று மெஷின் பட்டியலை வைத்து முதலிலேயே கூட்டிப் பாருங்கள். அடங்கினால் குறுந்தொழிலுக்கான III-A(1) கட்டணத்தில் கேட்கலாம். தாண்டினால் III-B. என் யூனிட்டில் சர்வோ மோட்டார், சின்ன கம்ப்ரசர், விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்து 11 கிலோவாட்டில் நின்றது.

ஆட்கள் பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ, இருபதைத் தொட்டால் பிஎஃப். தொழிற்சாலைப் பதிவு வேண்டுமா என்பது ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எந்த மையம் என்பதிலும் குழப்பம் வரும். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே நின்றன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. வாலாஜாவும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டைக்குப் போயின. உங்கள் வீடு எங்கே என்பது முக்கியமில்லை, யூனிட் நிற்கும் இடம் எந்த மாவட்டமோ அங்கேதான் போக வேண்டும். பல அனுமதிகளுக்கு tnswp.com என்ற ஒற்றைச் சாளரத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

தோல்னு சொன்னாலே மாசு கட்டுப்பாட்டு வாரியம் விடாதுன்னு சொல்றாங்களே?

பயம் புரிகிறது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததும், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் இந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் விண்ணப்பத்தில் தோல் என்ற சொல்லைப் பார்த்ததும் அதிகாரி நின்று படிப்பார். படிப்பதுதான் சரியும்கூட.

ஆனால் பதனிடுவது வேறு, தைப்பது வேறு. நாம் பதனிட்டு முடிந்த தோலைத் தைக்கிறோம். தண்ணீர் தேவையில்லை, கழிவுநீர் இல்லை. மோட்டாருடன் 10 மெஷினுக்கு மேல் வைத்து தோல் வெட்டும், தைக்கும் வேலை, மாசு குறைவான தொழில்களுக்கான பச்சை வகையில் வருகிறது. நிறுவுவதற்கு ஒரு இசைவாணை, இயக்குவதற்கு இன்னொன்று. திட்ட விவரத்தில் "பதனிட்ட தோல் துண்டுகளாக வருகிறது, ஈர வேலை எதுவும் இல்லை, கழிவு தோல் சீவல்தான், அது வேலை கொடுக்கும் கம்பெனிக்கே திரும்புகிறது" என்று தெளிவாக எழுதுங்கள். மூன்று வரிதான், ஆனால் இந்த மூன்று வரி இல்லாத விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும்.

தோல் சீவலைக் கொல்லையில் போட்டு எரிக்காதீர்கள். குரோம் பதனிட்ட தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் ஆபத்தான வடிவத்துக்கு மாறும். மூட்டையாகக் கட்டி, எடை போட்டு, சலானோடு கம்பெனிக்கே அனுப்புங்கள்.

ஒட்டும் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில கரைப்பான் பசைகளில் ஹெக்சேன் இருக்கும். மூடிய அறையில் மாதக்கணக்கில் அதை முகர்ந்தால் கை கால் நரம்பு மரத்துப்போகும். உலகில் பல இடங்களில் ஷூ தொழிலாளர்களுக்கே இது வந்திருக்கிறது. ஒட்டும் மேசையை ஜன்னல் ஓரம் போடுங்கள், வெளியே இழுக்கும் விசிறி வையுங்கள், பசை டப்பாவைத் திறந்தபடி விடாதீர்கள். தண்ணீர்ப் பசை பயன்படுத்த முடிகிற வேலைக்கு அதையே கேளுங்கள். தீயணைப்புக் கருவியும் அந்த மேசைப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எத்தனை மெஷின் வாங்கணும் பாய்? பத்து போதுமா?

பத்தா பதினைந்தா என்று எண்ணிக்கையில் தொடங்கினால் தவறாகத்தான் முடியும். எந்த ஆர்ட்டிகிளைத் தைக்கப் போகிறீர்களோ அதை ஒரு ஜோடி கையில் எடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். மெஷின் பட்டியல் அதிலிருந்து வரும்.

நான் தொடங்கியது லேஸ் கட்டும் சாதாரண டெர்பி ஷூ மாடலில். ஒரு ஜோடிக்கு மொத்தம் 28 நிமிட வேலை வந்தது. அதில் மடிப்பதும் ஒட்டுவதும் 6 நிமிடம், மேல் ஓரத் தையல் 4 நிமிடம், லைனிங் தையல் மூன்றரை, ஓரம் சீவுவது 3, நூல் வெட்டி சுத்தம் செய்வது 3. வாம்பையும், குதிகாலைச் சுற்றி வரும் பின்பகுதியான குவார்ட்டரையும் இணைக்கும் தையல் மூன்றரை நிமிடம். மீதி சின்னச் சின்ன வேலைகள்.

14 பேர், ஒரு நாளைக்கு 480 நிமிடம். பெருக்கினால் 6,720 நிமிடம். 28-ஆல் வகுத்தால் 240 ஜோடி. காகிதத்தில் இப்படித்தான் வரும். ஆனால் நூல் அறுவது, ஊசி மாற்றுவது, துண்டு வராமல் காத்திருப்பது எல்லாம் போக, புது யூனிட் மூன்றாவது மாதத்தில் 55 சதவீதம் எடுத்தாலே நல்ல யூனிட். அப்படியென்றால் நாளைக்கு 130 ஜோடி சுமார்.

இப்போது இணைப்புத் தையலைத் தனியாகப் பாருங்கள். அது சமதள மெஷினில் வராது, தூண் மாதிரி நிற்கும் போஸ்ட் பெட் மெஷினில்தான் வரும். அப்பர் அந்த நேரத்தில் வளைந்த கூடு மாதிரி ஆகிவிடுகிறது, மேசையில் படுக்காது. ஒரு மெஷின் நிற்காமல் ஓடினால் 480-ஐ மூன்றரையால் வகுத்து 137 ஜோடி. நிற்காத மெஷின் எங்கும் இல்லை. நடைமுறையில் 110 வந்தால் அதிகம்.

நான் முதலில் ஒரே ஒரு போஸ்ட் பெட்தான் வாங்கினேன். விலை அதிகம் என்று மிச்சம் பிடித்தேன். சமதள மெஷின் ஐந்து வைத்திருந்தேன். சீவுபவர்கள், மடிப்பவர்கள் எல்லாரும் வேகமாகக் கொடுத்தார்கள், அந்த ஒரு மெஷினுக்கு முன்னால் கூடை கூடையாகத் தேங்கியது. நாளைக்கு 105-ஐத் தாண்ட முடியவில்லை. என் கூலிக் கணக்கில் 130-க்குக் கீழே நஷ்டம். ஆட்கள் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் அந்த யூனிட் லாபம் பார்த்திருக்க முடியாது. இரண்டு மாதம் கழித்துதான் கூடை எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

அதனால் இந்த அளவுக்கு என் பட்டியல் இது: போஸ்ட் பெட் மூன்று, அதில் ஒன்று பயிற்சிக்கும் பழுதுக்கும். சமதள மெஷின் மூன்று. ஜிக்ஜாக் ஒன்று, சீவும் மெஷின் ஒன்று, மடிக்கும் மெஷின் ஒன்று, தையலைத் தட்டி டேப் ஒட்டும் மெஷின் ஒன்று, ஐலெட் அடிப்பது ஒன்று. இது டெர்பிக்கு. லோஃபர் என்றாலோ பூட் என்றாலோ பட்டியல் மாறும். கம்பெனி எது கொடுக்கப்போகிறது என்று தெரியாமல் மெஷின் வாங்காதீர்கள்.

பழைய மெஷின் வாங்கலாமா? ஆம்பூர்ல நிறைய கிடைக்குதே.

சொந்தப் பணமென்றால் வாங்கலாம். பழைய ஜெர்மன் போஸ்ட் பெட் நன்றாக இருந்தால் புதிதாக வரும் மலிவு மெஷினைவிட அது உழைக்கும். ஆனால் மானியக் கடனில் பழைய மெஷின் சேராது. கடன் அனுமதி வரும் முன் நீங்களே வாங்கிவிட்ட மெஷினும் சேராது. வங்கி தாமதிக்கிறது என்று அவசரப்பட்டு முன்பணம் கொடுத்து மெஷினை இறக்கி, மானியத்தை இழந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

பழையதைப் பார்க்கப் போகும்போது நீங்கள் தைக்கப்போகும் தடிப்பிலேயே தோல் துண்டு எடுத்துப் போங்கள். ஒரு முழ நீளத்துக்கு மெதுவாகத் தையுங்கள், பிறகு வேகமாக. இரண்டிலும் தையல் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். வேகத்தில் தையல் குறுகினால் ஊட்டும் சக்கரம் தேய்ந்திருக்கிறது. பாபின் பக்கம் விரல் வைத்து ஆட்டிப் பாருங்கள், கொக்கி ஆடினால் விலையைக் குறைக்கச் சொல்வதற்குப் பதில் வேறு மெஷின் பாருங்கள்.

தைக்க ஆள் கிடைக்குமா? எல்லாம் கம்பெனி பஸ்ஸில் போயிடறாங்களே.

கிடைப்பார்கள். கம்பெனியில் நான்கைந்து வருடம் தைத்துவிட்டு, குழந்தை பிறந்ததும் நின்றுவிட்ட பெண்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலியைவிட நேரம் முக்கியம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடிகிற மாதிரி ஷிஃப்ட் வைத்தேன், விளம்பரமே தேவைப்படவில்லை. போஸ்ட் பெட் தைப்பவர்தான் சுலபத்தில் கிடைக்கமாட்டார். ஒருவரை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேரை நீங்களே உருவாக்குங்கள். முதல் வாரம் நூல் போடாமல் காகிதத்தில் கோடு மேலேயே ஓட்டச் சொல்வேன். துளைகள் கோட்டில் நின்றால் அப்புறம் கழிவுத் தோல்.

டிரையல் எப்படி ஓட்டறது? எத்தனை ஜோடி?

கம்பெனியிடம் 20 ஜோடிக்கான துண்டுகள் கேளுங்கள், ஒரே சைஸில் வேண்டாம், எல்லா சைஸும் கலந்து. 20-ஐயும் ஒரே நேரத்தில் தைக்காதீர்கள். முதலில் 2 ஜோடி தைத்து நிறுத்துங்கள். அவற்றை, கால் வடிவ அச்சான லாஸ்ட் மேல் இழுத்துப் பார்க்காமல் மூன்றாவது ஜோடிக்குப் போகக்கூடாது. கம்பெனி தரும் ஷூ லாஸ்ட்டில் ஒவ்வொரு சைஸுக்கும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

லாஸ்டில் இழுத்தால் என்ன தெரியும்? மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் அதிகமாக மடித்திருந்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். மேசையில் பார்க்க அழகாகவே இருக்கும். லாஸ்டில் இழுக்கும்போது ஓரம் கீழே வரை வராது. குதிகால் உயரம் இடதுக்கும் வலதுக்கும் மாறினாலும் அங்கேதான் தெரியும்.

எனக்கு விழுந்த பெரிய அடி இந்த இடத்தில்தான். டிரையல் ஜோடிகள் கண்ணுக்கு நன்றாக இருந்தன, நான் இழுத்துப் பார்க்கவில்லை. முதல் லாட் 300 ஜோடி அனுப்பினேன். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து போன். லாஸ்டிங் மெஷின் இழுக்கும்போது வாம்ப் இணைப்புத் தையல் ஓரமாகவே கிழிகிறது, தபால் தலை கிழிகிற மாதிரி. ஓடிப்போய் பார்த்தேன். தையல் அழகாகத் தெரியட்டும் என்று என் ஆபரேட்டர் இஞ்சுக்கு 14 தையல் போட்டிருந்தார். அந்தத் தோலுக்கு 9 அல்லது 10 போதும். அதற்கு மேல், முந்தைய ஆர்டரில் போட்ட தடித்த ஊசியையே விட்டிருந்தோம். நெருக்கமாக, பெரிய துளைகள். தையல் தோலைப் பிடிப்பதற்குப் பதில் அறுத்துவைத்திருந்தது. பிரித்துத் தைக்கவும் முடியாது, பழைய துளை போகாது. 300-ல் 40-க்கு மேல் கிழிந்தன, மீதியையும் அவர்கள் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்ட்டிகிளுக்கும் மெஷின் மேலேயே ஒரு அட்டை ஒட்டுகிறேன். ஊசி எண், ஊசி முனையின் வகை, நூல், இஞ்சுக்கு எத்தனை தையல், ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம். அதோடு அதே தோலில் தைத்த ஒரு துண்டு. காலையில் மெஷின் ஆன் செய்ததும் ஒரு துண்டு தைத்து அட்டையில் இருப்பதோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகிறது.

டிரையலிலேயே இரண்டு பழக்கத்தைத் தொடங்கிவிடுங்கள். துண்டுகள் கம்பெனியிலிருந்து வந்த ஜோடி எண்ணோடு கடைசி வரை போக வேண்டும். கலந்துவிட்டால் இடது காலில் ஒரு நிறம், வலதில் சற்று வெளுத்த நிறம் வந்துவிடும். அப்புறம் ஊசி முறிந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியோடு எழுத வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த ஜோடி போகக்கூடாது. ஏற்றுமதிக் கம்பெனி தணிக்கைக்கு வந்தால் அந்தப் பதிவேட்டைக் கட்டாயம் கேட்கும்.

முதல் ஆர்டர் எப்படி வாங்கறது? யாரையும் தெரியாது.

வேலை கொடுப்பவர் முதலாளி இல்லை, உற்பத்தி மேலாளர். ஏற்றுமதிக் கப்பல் தேதி நெருங்கும்போது அவர் லைனில் எந்த வேலை பிந்துகிறதோ அதைத்தான் வெளியே விடுவார். அதனால் "எந்த வேலையும் செய்வேன்" என்று போகாதீர்கள். "டெர்பி அப்பர், நாளைக்கு 60 ஜோடி, மூன்றாவது மாதத்திலிருந்து 130" என்று போங்கள். கையில் நீங்கள் தைத்த இரண்டு ஜோடி இருக்கட்டும், ஒன்றை அவரே கத்தரித்து உள்ளே பார்க்கட்டும்.

சாம்பிள் ஒப்புதலானதும் கையெழுத்திட்ட ஒரு ஜோடி உங்களிடம், ஒரு ஜோடி அவரிடம் இருக்க வேண்டும். பிறகு "இது சரியில்லை" என்று பேச்சு வந்தால் அந்த ஜோடிதான் உங்களுக்காகப் பேசும். முதல் ஆர்டரில் அதிகம் கேட்காதீர்கள். மூன்று நாளில் முடிகிற அளவு வாங்கி, சொன்ன நேரத்துக்கு ஒரு நாள் முன்னால் கொடுங்கள்.

எவ்வளவு பணம் கையில வேணும்? மெஷினுக்குக் கடன் கிடைச்சுடுச்சு.

மெஷின் கடன் கிடைத்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நடத்தும் பணத்தைக் கணக்கிடவே இல்லை. ஒரு கணக்குக்காக, கூலி, வாடகை, மின்சாரம், நூல், டீ எல்லாம் சேர்ந்து நாள் செலவு 11,000 ரூபாய் என்றும், ஜோடிக்கு 85 ரூபாய் கிடைக்கிறது என்றும் வைப்போம். 130 ஜோடி தைத்தால் செலவுக்கும் வரவுக்கும் சரி. மாதம் 25 நாள்.

முதல் மாதம் நாளைக்கு 60 ஜோடி என்றால் பில் 1,27,500. இரண்டாம் மாதம் 100 ஜோடி, பில் 2,12,500. மாதக் கடைசியில் பில், அதிலிருந்து 45 நாளில் பணம் என்றால் முதல் மாதப் பணம் மூன்றாம் மாதத்தின் நடுவில் வரும். அதற்குள் நீங்கள் செலவு செய்திருப்பது 6,87,500. வருவது 1,27,500. இப்படியே ஓட்டிப் பார்த்தால் ஐந்தாவது மாதத்தின் நடுவில் பள்ளம் கிட்டத்தட்ட 9 லட்சத்தைத் தொடும். லாபம் நஷ்டம் இல்லாத நிலைக்கு மூன்றாம் மாதமே வந்துவிட்ட யூனிட்டுக்கே இது. இதில் கடன் தவணை சேரவில்லை.

பேரம் பேசும்போது ஜோடிக்கு 2 ரூபாய் கூட்டிக் கேட்பதைவிட, 45 நாளை 15 நாளாகக் குறைக்கக் கேளுங்கள். மேலே உள்ள கணக்கில் ஒரு மாதச் செலவு, அதாவது 2,75,000 ரூபாய், உங்கள் கையிலிருந்து போட வேண்டியது குறையும். 2 ரூபாயில் முதல் மாதம் கிடைப்பது 3,000.

பில் பணம் வரலைன்னா என்ன பண்றது? சண்டை போட்டா அடுத்த ஆர்டர் போயிடுமே.

குறுசிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. ஜாப் வொர்க்கும் இதில் அடங்கும். ஆனால் உத்யம் பதிவு வேலை கொடுத்த தேதிக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். பிறகு பதிந்துவிட்டு பழைய பில்லுக்குக் கேட்டால் நிற்காது.

சண்டை போடத் தேவையில்லை. ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும், பணம் தர வேண்டிய தேதியையும் அச்சடித்துவிடுங்கள். கம்பெனியின் கணக்குப் பிரிவு அந்த எண்ணைப் பார்த்தால் பில்லைத் தனி வரிசையில் வைக்கும், அவர்களின் வருமான வரிக் கணக்கிலும் இந்தத் தாமதம் பாதிக்கும் என்பதால். எனக்கு அதற்குப் பிறகு பெரும்பாலான பில் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது.

துண்டு கம்மியா அனுப்பிட்டு நம்ம மேல பழி போட்டா?

வண்டி வந்ததும் எண்ணாமல் சலானில் கையெழுத்துப் போடாதீர்கள். சைஸ் வாரியாக, இடது வலது தனித்தனியாக எண்ணுங்கள். குறைந்தால், வெட்டில் ஓட்டை இருந்தால், அந்த சலானிலேயே எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, அங்கேயே போட்டோ எடுத்து மேலாளருக்கு அனுப்புங்கள். இரவு ஏழு மணிக்கு வண்டி வந்தாலும் இதைச் செய்யுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு வண்டிக்கு நான் 22 வாம்ப் விலை கட்டினேன்.

ஜிஎஸ்டி சட்டப்படி அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அது அவர்கள் உங்களுக்கு விற்றதாகக் கணக்காகும். வெளியே வேலைக்கு அனுப்பிய பொருளின் கணக்கைக் காட்ட கம்பெனி ITC-04 படிவம் போடும்போது உங்கள் சலான் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அதனால் மிச்சத் துண்டு, கெட்ட துண்டு, சீவல் எல்லாம் தனித்தனி சலானில் மாதம் ஒருமுறை திரும்பிப் போகட்டும். மூலையில் சேர்த்து வைக்காதீர்கள்.

சரி, கட்டிங் பிரஸ் எப்ப வாங்கலாம்?

தொடர்ந்து ஆறு மாதம் 130-க்குக் கீழே போகாமல், திரும்பி வரும் ஜோடி நூற்றுக்கு ஒன்றுக்குள் நின்ற பிறகு. அப்போதும் பிரஸ்ஸுக்கு முன்னால் கட்டரைத் தேடுங்கள்.